எம்சி வேற, வார்டு வேற: தோட்டத்து புது சிக் லீவ் ரூல்ஸ் எப்படி எண்ணறதுன்னு பாப்போம்

சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ்ல நான் சம்பளக் கணக்கு பாக்கறேன். சிக் லீவ் பத்தின புது சர்குலர் ஆபீஸ் போர்டுல ஒட்டினதுல இருந்து ஜன்னல் பக்கம் யாராவது வந்து "தங்கச்சி, எனக்கு எத்தன நாள் எம்சி இருக்கு"ன்னு கேக்காத நாளே இல்ல. எம்சின்னா டாக்டர் குடுக்கற சிக் லீவ் சர்டிபிகேட், அந்த லீவையும் எம்சின்னேதான் சொல்வோம். சர்குலர் மலாய்ல ஒரு பக்கம்தான், ஆனா படிச்சவங்க ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சிக்கிட்டாங்க, வருஷத்துக்கு 60 நாள்னு சிலர் சொல்றாங்க, 18தான்னு சிலர், தோட்டத்து டிஸ்பென்சரில மருந்து குடுக்கற டிரெஸரோட துண்டு குடுத்தா போதும்னு சிலர். அதனால ஒரு ஆளோட ஒரு வருஷத்த எடுத்து ஆரம்பத்துல இருந்து எண்ணிக் காட்டறேன், அப்படிப் பாத்தாதான் புரியும்.

முதல்ல எது மாறிச்சுன்னு சொல்லிடறேன். மலேசியாவோட 1955ம் வருஷத்து வேலைச் சட்டத்துல 60எஃப்னு ஒரு பிரிவு இருக்கு, சிக் லீவ் எல்லாம் அதுக்குள்ளதான். டாக்டர பாத்து எம்சி வாங்கிட்டு வீட்ல படுத்திருக்கற நாளுக்கு ஒரு கணக்கு: வேலைல சேர்ந்து 2 வருஷம் ஆகாதவங்களுக்கு வருஷத்துக்கு 14 நாள், 2 வருஷம் ஆகி 5 வருஷம் ஆகாதவங்களுக்கு 18 நாள், 5 வருஷமும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு 22 நாள். இது முன்னாடியே இருந்ததுதான். ஆஸ்பத்திரில சேரணும்னு டாக்டர் சொன்னா 60 நாள், இதுவும் முன்னாடியே இருந்தது, ஆனா பழைய சட்டத்துல அந்த 60க்குள்ளயேதான் எம்சி நாளும் அடங்கும், அதாவது ரெண்டும் சேத்து 60. 2023 ஜனவரி 1ல இருந்து அந்த ரெண்டையும் பிரிச்சிட்டாங்க. இப்ப எம்சிக்கு 14, 18, 22ல உங்களுக்கு எதுவோ அது ஒரு உண்டியல், வார்டுக்கு 60 தனியா இன்னொரு உண்டியல். எம்சி எடுத்தா வார்டு உண்டியல்ல கை வைக்க மாட்டாங்க. எங்க சர்குலர் இப்பத்தான் இத சரியா எழுதிச்சு, ஆனா சட்டம் 2023லயே வந்திடுச்சு, அதனால உங்க தோட்டத்துல சர்குலர் இன்னும் பழசாவே இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது புதுசுதான்.

கணக்கு ஜனவரில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடியும். மிச்சம் இருந்தா அடுத்த வருஷத்துக்கு வராது.

இப்ப ஆள எடுப்போம். குலை வெட்டற அண்ணன் ஒருத்தர், வேலைல சேர்ந்து மூணு வருஷம் முடிஞ்சிருச்சு, அதனால அவருக்கு எம்சி உண்டியல்ல 18, வார்டு உண்டியல்ல 60. ஜனவரி மாசம் காய்ச்சல், டவுன்ல கம்பெனி நியமிச்ச பேனல் கிளினிக் போனாரு, டாக்டர் 2 நாள் எம்சி குடுத்தாரு. 18ல 2 போச்சு, மிச்சம் 16. இதுல யாருக்கும் குழப்பம் இல்ல.

ஏப்ரல்ல இடுப்பு புடிச்சிக்கிச்சு. இங்கதான் முதல் பிரச்சன வரும், ஏன்னா அண்ணன் நேரா தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போயி டிரெஸர் குடுத்த துண்ட வாங்கி வேலைய மேற்பார்வை பாக்கற மண்டோர்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. டிரெஸர் நல்ல மனுஷன், மருந்தும் சரியாத்தான் குடுப்பாரு, ஆனா சட்டம் கேக்கறது பதிவு பெற்ற டாக்டரோட சர்டிபிகேட், இல்லன்னா அரசாங்க மருத்துவ அதிகாரியோடது. அதே மாதிரி நாட்டு வைத்தியர், எலும்பு ஒடிஞ்சா கட்டுப் போடறவரு, இவங்க எழுதிக் குடுத்தா சம்பளத்தோட லீவுன்னு கேக்க முடியாது. பல்லு பிடுங்கினா பல் டாக்டர் குடுக்கற எம்சி செல்லும், அதுக்கு சட்டத்துலயே இடம் இருக்கு. கிளினிக்ல எம்சி குடுக்காம டைம் ஸ்லிப் மட்டும் குடுத்தா அது எத்தன மணிக்கு வந்து எத்தன மணிக்குப் போனீங்கன்னு காட்டற துண்டு, அந்த நாள் பூரா லீவுன்னு அர்த்தம் இல்ல. நல்ல வேள டிரெஸரே "அண்ணே, டவுன் போயி டாக்டர பாத்துட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு, அன்னைக்கே 5 நாள் எம்சி கிடைச்சிச்சு.

எந்த டாக்டர்னும் ஒரு விஷயம் இருக்கு. கம்பெனி பேனல் கிளினிக் வச்சிருந்தா முதல்ல அங்கதான் போகணும், பாக்கற செலவு முதலாளியோடது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குது, பேனல் கிளினிக் பூட்டியிருக்கு, இல்லன்னா தைப்பிங்ல அக்கா வீட்டுக்குப் போன எடத்துல வாந்தி பேதி ஆயிடுச்சு, அப்ப பக்கத்துல இருக்கற எந்த டாக்டரையும் பாக்கலாம், அந்த எம்சியும் செல்லும். ஏன் பேனல் கிளினிக் போகலன்னு கேட்டா நேரம், தூரம், இந்த ரெண்டுல ஒரு நியாயமான காரணம் உங்ககிட்ட இருக்கணும். தோட்டத்துல இருந்து பேனல் கிளினிக் பத்து நிமிஷம், மத்தியானம் மூணு மணி, கிளினிக் திறந்திருக்கு, ஆனா அண்ணன் வேற கிளினிக் போயிட்டாருன்னா அந்த எம்சிய ஆபீஸ் ஏத்துக்காம போகலாம்.

அடுத்தது 48 மணி நேரம். இத ரொம்பப் பேரு லேசா எடுத்துக்கறாங்க. எம்சி பேப்பர் கையில இருந்தா மட்டும் போதாது, லீவ் ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள ஆபீஸுக்குத் தெரியப்படுத்தணும், இல்ல தெரியப்படுத்த முயற்சியாவது பண்ணியிருக்கணும். அந்த "முயற்சி"ங்கற சொல்லு சட்டத்துலயே இருக்கு, நம்ம தோட்டத்துக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னா உள்ள பிளாக் பக்கம் லைன் கிடைக்காது. மண்டோருக்கு மூணு தடவ போன் அடிச்சீங்க, எடுக்கல, அந்த மிஸ்டு கால் உங்க போன்ல இருக்கு, வாட்ஸ்அப்ல எம்சிய படம் எடுத்து அனுப்பினீங்க, ஒத்த டிக்கோட நிக்குது, அதுவே நீங்க முயற்சி பண்ணதுக்கு ஆதாரம், அழிச்சிடாதீங்க. எதுவுமே பண்ணாம அஞ்சாவது நாள் எம்சிய கொண்டாந்து மேசைல வச்சா, உண்மையிலயே காய்ச்சல்ல படுத்திருந்தாலும், சொல்லாம கொள்ளாம வேலைக்கு வராத நாளா எடுத்துக்க சட்டம் இடம் குடுக்குது. அதோட நிக்காது. தொடர்ந்து ரெண்டு வேலை நாளுக்கு மேல அனுமதி இல்லாம, காரணமும் சொல்லாம வரலன்னா வேலை ஒப்பந்தத்த மீறினதா கருதலாம்னு 15வது பிரிவு சொல்லுது, அதாவது வேலையே போகற அளவுக்கு அது போகும். வேற ஒரு தோட்டத்துல பால் மரம் வெட்டின எங்க அத்தைக்கு அப்படித்தான் ஆச்சு, எம்சி அவங்க கைப்பைல பத்திரமாத்தான் இருந்துச்சு, யாருகிட்டயும் சொல்லல. அதனால இந்த 48 மணி நேரத்த நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருக்கேன்.

அண்ணனோட 5 நாளுக்கு இப்ப காசு எண்ணுவோம். மாசச் சம்பளக்காரங்களுக்கு எம்சி எடுத்தாலும் அந்த மாசச் சம்பளம் குறையாது, அவ்வளவுதான். ஆனா குலைக் கணக்குல, நாள் கணக்குல வேலை செய்யறவங்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு முந்தின மாசத்த பாக்கணும், அந்த மாசம் சம்பாதிச்ச தொகைய அந்த மாசம் உண்மையா வேலை செஞ்ச நாளால வகுக்கணும். அண்ணன் மார்ச்ல 24 சாதாரண நாள் வேலைக்கு வந்தாரு, குலைக்கு இவ்வளவுன்னு அவரு ரேட்டுல வந்தது 2,160 வெள்ளி. அது இல்லாம ஒரு ஞாயித்துக்கிழம வந்து வெட்டினாரு, இன்சென்டிவும் கொஞ்சம் கிடைச்சிச்சு. சிக் லீவ் கணக்குக்கு அந்த ஞாயித்துக்கிழமக் காசும் வராது, அந்த நாளும் வராது, இன்சென்டிவும் வராது, அடிப்படை ரேட்டு மட்டும்தான். 2,160ஐ 24ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 90 வெள்ளி. 5 நாளுக்கு 450.

இங்க அடிக்கடி நடக்கற தப்பு என்னன்னா 26ஆல வகுக்கறது. அந்த 26 மாசச் சம்பளக்காரங்களுக்கு உள்ளது. குலைக் கணக்குக்காரரு சம்பளத்த 26ஆல வகுத்தா 83 வெள்ளி 8 காசுதான் வரும், ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 7 வெள்ளி நஷ்டம், அவரு படிச்சு பாக்கலன்னா யாருக்கும் தெரியவும் தெரியாது. உங்க பே ஸ்லிப்ப எடுத்து எம்சி நாளுக்கு எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாருங்க, முந்தின மாசத்து ஸ்லிப்ப பக்கத்துல வச்சுக்கிட்டு நான் சொன்ன மாதிரி வகுத்துப் பாருங்க, ஒத்துவரலன்னா ஆபீஸ் ஜன்னலுக்கு வாங்க.

அந்த 5 நாள் வியாழன்ல ஆரம்பிச்சு திங்கள் வரைக்கும். ஞாயிறு நடுவுல வந்திச்சே, அத விட்டுடலாமான்னு கேட்டாரு. இல்ல, எம்சி ஓடிக்கிட்டு இருக்கறப்ப ஞாயிறு தனி ஓய்வு நாளா நிக்காது, அதுவும் சிக் லீவ் நாளாத்தான் எண்ணிக்கைல வரும். ஆனா பொது விடுமுறை வேற மாதிரி. தோட்டம் குடுக்கற பொது விடுமுறைல தீபாவளி இருந்து, அன்னைக்கு நீங்க எம்சில படுத்திருந்தா, அந்த விடுமுறைக்குப் பதிலா இன்னொரு நாள் சம்பளத்தோட குடுக்கணும், அது வீணாப் போகாது. இப்ப எம்சி உண்டியல்ல 2ம் 5ம் சேத்து 7 போயிருச்சு, மிச்சம் 11.

ஜூன்ல டெங்கி. சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரில 6 நாள் வார்டுல இருந்தாரு, அது வார்டு உண்டியல்ல, 60ல 6 போச்சு, மிச்சம் 54. டிஸ்சார்ஜ் ஆனப்ப வீட்ல ஓய்வெடுக்க சாதாரண எம்சி 7 நாள் குடுத்தாங்க, அது எம்சி உண்டியல்ல, 7 போனா மிச்சம் 4. இங்க நிறைய பேரு ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டதுன்னா எல்லாமே வார்டு கணக்குன்னு நினைக்கறாங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்த பேப்பரா இருந்தாலும் வெறும் எம்சின்னு எழுதியிருந்தா அது எம்சிதான்.

செப்டம்பர்லதான் பெரிய அடி. அண்ணனுக்கு இனிப்பு நீர் இருக்கு, கால்ல ஒரு புண்ணு வந்து சீழ் வச்சிருச்சு, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, 21 நாள் வார்டு, ஒரு விரல எடுத்தாங்க. வார்டு உண்டியல்ல 6ம் 21ம் சேத்து 27. அப்புறம் வீட்டுக்கு அனுப்பினாங்க, ஆனா இன்னும் 30 நாள் புண்ண நல்லா கவனிக்கணும். இந்த 30 நாள் எந்த உண்டியல்ல போகும்?

பேப்பர்ல சாதாரண எம்சின்னு இருந்தா எம்சி உண்டியல்ல போகும், அதுல 4 நாள்தான் மிச்சம், 26 நாள் சம்பளம் இல்லாத லீவு. ஒரு நாளைக்கு 90 வெள்ளின்னே வச்சுக்கிட்டா 2,340 வெள்ளி போச்சு. ஆனா சட்டத்துல ஒரு வரி இருக்கு: ஒருத்தருக்கு ஆஸ்பத்திரில இருக்க வேண்டிய அளவுக்கு உடம்பு சரியில்லன்னு டாக்டர் சர்டிபை பண்ணிட்டா, என்ன காரணத்தாலயோ அவரு வார்டுல படுக்கலன்னாலும், வார்டுல இருந்ததாவே கணக்கு. படுக்கை இல்ல, வீடு பக்கம் நர்ஸ் வந்து கட்டு மாத்தறாங்க, அதனால வீட்டுக்கு அனுப்பினாங்க, இந்த மாதிரி நேரத்துக்கு உள்ள வரி அது. அண்ணனோட டாக்டர் அப்படித்தான் எழுதினாருன்னா அந்த 30ம் வார்டு உண்டியல்ல போகும், 27ம் 30ம் சேத்து 57, 60க்குள்ள அடங்கிருச்சு, முழுச் சம்பளம்.

பழைய சட்டமா இருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாருங்க. எம்சில போன 14ஐ அந்த 60லயே கழிச்சா வார்டுக்கு 46தான் மிஞ்சும், 57ல 11 நாளுக்குக் காசு கிடையாது, 990 வெள்ளி. சர்குலர் போர்டுல ஒட்டினதுக்கு அர்த்தம் அந்த 990 வெள்ளிதான்.

ஒன்னு சொல்லணும், அப்படி எழுதறதா வேணாமான்னு முடிவு பண்றது டாக்டர் மட்டும்தான், நாம போயி மாத்தி எழுதுங்கன்னு கேக்கக்கூடாது, ஆபீஸும் டாக்டர் எழுதினத மாத்தி எண்ணக்கூடாது. ஆனா டிஸ்சார்ஜ் ஆகறப்ப "டாக்டர், எனக்கு இது சாதாரண எம்சியா, இல்ல வார்டுல இருக்க வேண்டிய அளவா, பேப்பர்ல தெளிவா எழுதித் தாங்க"ன்னு கேக்கறதுல தப்பே இல்ல. கேக்காம வந்துட்டா அப்புறம் ஈப்போவுக்குத் திரும்பப் போயி லைன்ல நிக்கணும், கால் அந்த நிலைமைல இருக்கறப்ப அது நடக்கற காரியம் இல்ல.

ரெண்டு உண்டியலும் காலியாயிட்டா அதுக்கப்புறம் முதலாளி சம்பளம் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆண்டு விடுப்பு மிச்சம் இருந்தா அத எடுக்கலாம், இல்லன்னா சம்பளம் இல்லாத லீவுக்கு எழுதிக் கேக்கணும், வாயால சொல்லிட்டுப் போகாதீங்க.

இப்ப அந்தப் புண்ணுக்குத் திரும்ப வர்றேன். எல்லாம் எண்ணி முடிச்சப்புறம் அண்ணனோட பொண்டாட்டி, எங்க எல்லாருக்கும் அக்கா மாதிரி, அவங்க பேச்சு வாக்குல சொன்னாங்க, "பிளாக்ல முள்ளு ஏறினதுல இருந்துதானம்மா இவருக்கு இப்படி"ன்னு. செம்பனை மட்டைல உள்ள முள்ளு, பூட்ஸ் ஓட்டை, உள்ள ஏறிடுச்சு, பிடுங்கிப் போட்டுட்டு மறுபடி வெட்டப் போயிட்டாரு, யாருகிட்டயும் சொல்லல. வேலை செய்யற எடத்துல நடந்த காயம் சிக் லீவே இல்ல, அது பெர்கேசோ கணக்கு, வேலைல காயம் பட்டா காசு குடுக்கற அரசாங்க அமைப்பு, நம்மாளுங்க சொக்சோன்னு சொல்றது. விபத்து நடந்த நாளையும் சேத்து 4 நாளோ அதுக்கு மேலயோ எம்சி இருந்தா தற்காலிக இயலாமைக்கான காசு சொக்சோ குடுக்கும், நாள் கூலியோட சராசரில 80 சதவீதம். அந்தக் காசு வர்ற நாளுக்கு சிக் லீவ் சம்பளம் கிடையாது, அதனால ரெண்டு உண்டியலும் அப்படியே இருக்கும்.

80தானே, சிக் லீவ்ல 100 கிடைக்குதே, எதுக்கு சொக்சோன்னு சிலர் கேக்கறாங்க, மண்டோருங்க சிலரும் ரிப்போர்ட் எழுத சோம்பேறித்தனப்பட்டு அப்படியே சொல்லி அனுப்பிடறாங்க. அது பெரிய தப்பு. விரல் போயிருச்சு இல்ல, அது இனி வளராது. வேலைல நடந்த விபத்துன்னு பதிவு இருந்தாதான் நிரந்தர இயலாமைக்கு சொக்சோல கேக்க முடியும், சிக் லீவுன்னு போட்டுட்டா அந்தக் கதவு பாதி சாத்திடுச்சு. சிகிச்சைக்கும் சொக்சோல வழி இருக்கு. அதோட அக்டோபர்ல வேற காய்ச்சல் வந்தா சிக் லீவ் உண்டியல் கிட்டத்தட்ட காலியா நிக்கும்.

முள்ளு ஏறின அன்னைக்கே அண்ணன் செஞ்சிருக்க வேண்டியது இதுதான்: சின்னக் காயமா இருந்தாலும் மண்டோர்கிட்ட சொல்லி எந்த பிளாக், எத்தன மணி, பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு புக்குல எழுத வைக்கணும், கிளினிக்ல டாக்டர்கிட்ட "குலை வெட்டறப்ப முள்ளு ஏறுச்சு"ன்னு சொல்லணும், வெறுமனே கால் வலின்னு சொன்னா டாக்டர் வெறும் கால் வலின்னுதான் எழுதுவாரு. நமக்குத் தெரிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள ஆபீஸ் சொக்சோவுக்கு ரிப்போர்ட் பண்ணணும், இந்த 48 முதலாளிக்கு உள்ளது, முன்ன சொன்ன 48 தொழிலாளிக்கு உள்ளது, குழப்பிக்காதீங்க. அண்ணன் விஷயத்துல அக்கா சொன்ன அன்னைக்கே ரிப்போர்ட் எழுதி அனுப்பிட்டோம், பக்கத்து வரிசைல வெட்டின தம்பி முள்ளு ஏறினத பாத்திருக்கான், அவன் சாட்சி எழுதிக் குடுத்தான், கிளினிக்ல முதல் நாள் கட்டுப் போட்ட கார்டையும் தேடி எடுத்துட்டோம். பதில் இன்னும் வரல.